இரவில் 52 காட்டும் சென்சார்

மேற்கையின் பின்புறம் நாணயம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரை சென்சாரை இப்போது பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும்கூடப் பார்க்க முடிகிறது. விரலைக் குத்தாமலே இரவும் பகலும் அளவு தெரிந்துவிடுகிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. அதைப் புதிதாக ஒட்டிக்கொண்டவர்கள் மருத்துவரிடம் கொண்டுபோகும் புகார்களில் ஒன்று அனேகமாக இப்படி இருக்கும்: “பகல் முழுக்க நல்லாத்தான் இருக்கு டாக்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தடால்னு 50க்குப் போயிடுது. அலாரம் அடிச்சு எழுந்து உட்கார்ந்தா வேர்வையும் இல்ல, நடுக்கமும் இல்ல.” அனுபவமுள்ள மருத்துவர் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் வேறொன்றைக் கேட்பார்: “எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?”

சென்சார் ஒட்டிய கையின் மேல் உடல் எடை விழுந்தால், ரத்தத்தில் சர்க்கரை குறையாமலே சென்சாரில் மட்டும் அளவு குறையும். இது பழுதான சென்சாரில் மட்டும் வரும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நன்றாக வேலை செய்யும் சென்சாரிலும் வரும். காரணம், சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. அதிலிருந்து மயிரிழை போன்ற ஒரு மெல்லிய இழை தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். அங்கே செல்களைச் சுற்றி ஊறி நிற்கும் திசுத் திரவத்தில் உள்ள குளுக்கோஸைத்தான் அது அளக்கிறது. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்துதான் அந்தத் திரவத்துக்குச் சர்க்கரை வந்து சேர்கிறது. அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் சென்சாருக்குத் தெரிய சாதாரண நாளிலேயே ஐந்து முதல் பத்து நிமிடம் தாமதமாகும்.

அந்த இடத்தை அழுத்திப் படுத்தால் என்ன ஆகும்? ஈரப் பஞ்சை விரலால் அமுக்கியது போல, இழையைச் சுற்றியுள்ள திரவம் விலகி ஓடும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குவதால் புதிய சர்க்கரை வந்து சேர்வதும் குறையும். அங்குள்ள செல்களோ தம் பங்குக்கு இருக்கிற சர்க்கரையை எரித்துக்கொண்டேதான் இருக்கும். வரவு குறைந்து செலவு தொடர்வதால், அந்த ஒரு சிறு இடத்தில் மட்டும் அளவு சரிகிறது. சென்சார் அதை உண்மையாகவே அளந்து சொல்கிறது. ஆனால் அது அந்த இடத்து நிலவரம் மட்டுமே, உடம்பின் நிலவரம் அல்ல. ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு அழுத்தத்தால் வரும் சென்சார் தாழ்வு என்று பெயர். அதையே சுருக்கி அழுத்தத் தாழ்வு என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

ஒரு இரவை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். கற்பனை இரவுதான், ஆனால் இதே போன்ற வரைபடங்கள் நிஜத்தில் ஏராளம். அறுபதைத் தாண்டிய ஒருவர். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, அதற்கு முன் மாத்திரை, படுக்கும்போது நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒரு ஊசி. இடது கையில் சென்சார். பத்தரை மணிக்குப் படுக்கும்போது 130. அதற்குப் பிறகு கோடு ஏறக்குறைய நேராகவே போய், இரண்டு மணிக்கு 118-ல் நிற்கிறது. இரண்டேகாலுக்கு 80. இரண்டரைக்கு 55. அலாரம் அடித்தும் அவர் எழவில்லை. அடுத்த அரை மணி நேரம் கோடு 52-க்கும் 54-க்கும் நடுவே தரையோடு தரையாகக் கிடக்கிறது. மூன்று மணிக்கு மனைவி உலுக்கியதும் புரண்டு மல்லாந்து படுத்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். எதுவும் சாப்பிடவில்லை. மூன்றேகாலுக்கு 88, மூன்றரைக்கு 112. விடியும் வரை பிறகு அதே நேர்க்கோடு.

இந்தக் கோட்டில் மூன்று இடங்கள் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். முதலாவது, விழுந்த வேகம். 118-லிருந்து 55-க்கு அரை மணி நேரத்தில் வந்திருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு இரண்டுக்கும் மேல். சென்சார் செயலிகளில் நேராகக் கீழ்நோக்கிய அம்புக்குறி வரும் வேகம் இது. சாப்பாட்டுக்கு முன் துரித இன்சுலின் போட்டுக்கொண்டு நன்றாக நடந்தவருக்கு இப்படி விழலாம். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து, அசையாமல் தூங்கும் உடம்பில், அதுவரை சமதளமாக ஓடிய கோடு திடீரென்று இந்த வேகத்தில் விழ ஒரு காரணம் வேண்டும். இங்கே அது இல்லை. நிஜமான இரவுத் தாழ்வு பெரும்பாலும் மணிக்கணக்கில் சரிந்து வரும். 130, 115, 98, 84, 70 என்று சரிவு முன்கூட்டியே கண்ணில் படும்.

இரண்டாவது, தரை தட்டிக் கிடந்த விதம். மூன்றாவது, ஏறிய வேகம். எதையும் சாப்பிடாமல் அரை மணி நேரத்தில் 53-லிருந்து 112-க்கு ஏறியிருக்கிறது. சர்க்கரை நிஜமாகக் குறைந்தால் ஈரல் தன் கையிருப்பை அவிழ்த்துவிட்டு மீட்கப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மீட்பு மெதுவாக நடக்கும், பழைய அளவைத் தாண்டி மேலே போவதும் உண்டு. இங்கே கோடு போய் நின்ற இடத்தைப் பாருங்கள். நடுவில் வந்த பள்ளத்தை விரலால் மறைத்துவிட்டு, இரண்டு மணிக் கோட்டையும் மூன்றரை மணிக் கோட்டையும் ஒரு அடிக்கோலால் இணைத்தால், எதுவுமே நடக்காதது போல நேராகச் சேர்ந்துவிடும். வரைபடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டிய நிலை வந்தால், நான் முதலில் பார்ப்பது இந்தச் சேர்க்கையைத்தான்.

ஆனால் வரைபடம் மறுநாள் காலையில் பார்ப்பதற்குத்தான் உதவும். இரண்டரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது கையில் இருப்பது பாதிக் கோடு மட்டுமே. ஏறுமா இறங்குமா என்று அப்போது தெரியாது. அந்த நேரத்தில் விதி ஒன்றுதான்: விரல்நுனி ரத்தம் வேறு சொல்லும் வரை அது நிஜத் தாழ்வு என்றே நினைக்க வேண்டும். “இது வழக்கமா வர்ற பொய்தான்” என்று அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. இன்சுலின் போடுபவருக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கும், இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டோ மது குடித்துவிட்டோ படுத்தவருக்கும் நிஜத் தாழ்வு வர எல்லா வாய்ப்பும் உண்டு. மெட்ஃபார்மின் மட்டுமே எடுப்பவர் சென்சாரில் 50 பார்த்தால் கதை வேறு. அந்த மருந்து தனியாகச் சர்க்கரையை அவ்வளவு கீழே தள்ளுவது அரிது, அவருக்கு அழுத்தத் தாழ்வின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது இருந்தால் சோதித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 15 கிராம் குளுக்கோஸை உடனே கரைத்துக் குடித்துவிட வேண்டும், 15 நிமிடம் கழித்து விரல் குத்திப் பார்க்க வேண்டும். எழுப்பியும் சரியாக விழிக்காதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லை என்றால் அதை மட்டும் நம்பியும் விட்டுவிட முடியாது. பல ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழ்பவர்களில் சிலருக்குத் தாழ்வின் எச்சரிக்கை மணியே அடிக்காமல் போய்விடும்.

அறிகுறி இல்லாதபோது எழுந்து உட்கார்ந்து, கையின் மேலிருந்த பாரத்தை எடுத்துவிட்டு, குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். சோதிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். படுக்கையோரத்தில் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலத்தையோ மிட்டாயையோ தொட்ட விரலில் குத்தினால், ஒட்டியிருக்கும் துளி சர்க்கரையே அளவை ஏற்றிக் காட்டிவிடும். நிஜத் தாழ்வு அதில் மறைந்துவிடும். அமுக்கிப் படுத்து மரத்துப்போன கையை விட்டுவிட்டு மறு கை விரலில் குத்துவது நல்லது.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது? குளுக்கோமீட்டரும் அச்சுப் பிசகாத கருவி அல்ல. சர்வதேசத் தர விதிப்படி, 100-க்குக் கீழே இருக்கும் அளவுகளில் அது 15 வரை கூடவோ குறையவோ காட்டலாம். எனவே சென்சார் 62, மீட்டர் 74 என்று வந்தால் சென்சார் பொய் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. சென்சார் 52, மீட்டர் 109 என்றால் விஷயம் முடிந்தது. அந்த இடைவெளியைக் கருவிப் பிழையால் விளக்க முடியாது. இனிப்பு எதுவும் வேண்டாம், மறுபக்கம் படுத்துத் தூங்கலாம். கால் மணி நேரத்தில் சென்சார் தானாக மேலே வந்து சேரும்.

நடுவில் ஒரு சங்கடமான இடம் உண்டு. சென்சார் 48 காட்டுகிறது, மீட்டர் 72 காட்டுகிறது. அழுத்தம் பாதி, நிஜம் பாதி. ரத்தத்தில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும்போது கையும் அமுங்கினால் இப்படி வரும். இதைப் பொய் அலாரம் என்று கணக்கு எழுதக் கூடாது. இன்சுலின் போடுபவர் 72-ல், விடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது, வெறும் வயிற்றில் மறுபடி தூங்குவது சரியல்ல. கொஞ்சம் பாலோ இரண்டு பிஸ்கட்டோ எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சரிபார்ப்பைக் கெடுக்கும் ஒரு தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. அலாரம் அடித்ததும் முதலில் இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து விரல் குத்துவார்கள். மீட்டர் 110, சென்சார் இன்னும் 58. “பார்த்தியா, சென்சார் பொய் சொல்லுது!” என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. நிஜத் தாழ்வாக இருந்தாலும், இனிப்பு சாப்பிட்டதும் ரத்தம் முதலில் ஏறும், திசுத் திரவம் பின்னால் ஏறும். முதலில் சொன்ன அந்தத் தாமதத்தால் சென்சார் கொஞ்ச நேரம் பின்தங்கித்தான் நிற்கும். பொய்யா நிஜமா என்று தெரிய வேண்டுமானால், அறிகுறி இல்லாத நிலையில், வாயில் எதையும் போடுவதற்கு முன் குத்திப் பார்த்த எண் ஒன்றே சாட்சி.

தேவையில்லாமல் இனிப்பு சாப்பிடுவதன் விளைவு காலையில் தெரியும். 118 இருந்தவர் 52 என்று நம்பி நடுராத்திரியில் ஒரு டம்ளர் பழச்சாறும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டால், காலையில் 190 இருப்பது வியப்பில்லை. சென்சாரோடு இணைந்து தானே இயங்கும் இன்சுலின் பம்புகளில் சிக்கல் இன்னொரு விதம். தாழ்வைக் கண்டதும் பம்பு இன்சுலினை நிறுத்திவிடும். தாழ்வு பொய்யாக இருந்தால், நிறுத்தியதன் பலன் சில மணி நேரத்தில் உயர்வாக வந்து நிற்கும். 2014-ல் அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் செயற்கைக் கணையத்துக்காக அழுத்தத் தாழ்வைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை எழுதியதன் பின்னணி இதுதான்.

பம்பு வைத்திருப்பவர்கள் நம் ஊரில் குறைவு. நமக்கு அதைவிட முக்கியமானது, பதினான்கு நாள் சென்சார் அறிக்கை. மருத்துவமனையில் ஒரு சென்சாரை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அதில் சில வகைகளில் நோயாளிக்கு எந்த எண்ணும் தெரியாது, அலாரமும் அடிக்காது. இரண்டு வாரம் கழித்துக் கழற்றி, கணினியில் ஏற்றி, அச்சடித்த தாளை மருத்துவர் பார்ப்பார். இரவில் விரல் குத்திப் பார்த்த எண் எதுவும் அந்தத் தாளில் இருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தினமும் இரவில் ஒரு மணி நேரம் மட்டும் சென்சார் கையின் மேல் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் என்பது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரும்பாலான நோயாளிகளுக்கு 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இன்று மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. முதியவர்களுக்கு 1 சதவீதத்துக்குள். ஆக, ரத்தத்தில் ஒரு முறைகூடத் தாழாத ஒருவர், படுக்கும் பழக்கத்தால் மட்டுமே, ‘இரவில் ஆபத்தான தாழ்வு’ என்ற முத்திரையோடு வெளியே வர முடியும். பிறகு இரவு ஊசியின் அளவு குறைக்கப்படும். காலைச் சர்க்கரை ஏறும். ஏன் ஏறியது என்று யாருக்கும் விளங்காது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் எல்லா நாளையும் ஒன்றாக அடுக்கி, நடுக்கோடும் இருபுறமும் நிழல் பட்டையும் வரைந்திருப்பார்கள். அழுத்தத் தாழ்வு அதில் பட்டையின் அடி விளிம்பை மட்டும் கீழே இழுத்து, நடுக்கோட்டை அவ்வளவாக அசைக்காமல் விட்டுவிடக்கூடும். அப்படி இருந்தால் அடுத்த பக்கங்களில் இருக்கும் தினசரி வரைபடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்தாக விழுந்து, கிடந்து, செங்குத்தாக ஏறிய பள்ளங்கள் ஒருநாள் பன்னிரண்டு மணிக்கும், ஒருநாள் நாலு மணிக்கும், சில நாட்கள் வராமலும் இருந்தால் அது புரண்டு படுப்பதன் கணக்கு. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பள்ளங்கள் தினமும் ஒரே நேரத்தில், சரிவாக வந்தால் மருந்தைத்தான் பார்க்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் 30/70 கலவை இன்சுலின் போடுபவர்களுக்கு, அதன் மெதுவான பகுதி நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரைதான் உச்சத்தில் வேலை செய்யும். அழுத்தத் தாழ்வும் அதே நேரத்தில் வரலாம் என்பதால், மணியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அலாரம் இல்லாத சென்சார் ஒட்டியிருப்பவர் அந்த இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று இரவு மணி வைத்து எழுந்து, விரல் குத்தி, நேரத்தையும் எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்பதையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், அந்தத் தாள் அறிக்கையைவிட அதிகம் பேசும்.

தன் உடம்பில் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று பகலிலேயே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து, சென்சார் கோடு சமமாக ஓடும்போது, விரல் குத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சென்சார் இருக்கும் பக்கமாக ஒருக்களித்து, இரவில் படுப்பது போலவே, இருபது முப்பது நிமிடம் படுங்கள். கோடு இறங்க ஆரம்பித்ததும் படுத்த நிலையிலேயே மறு கை விரலில் குத்தச் சொல்லுங்கள். விரலில் பழைய எண்ணும் சென்சாரில் முப்பது நாற்பது குறைவாகவும் வந்தால், உங்கள் இரவுப் பள்ளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இறங்கவே இல்லை என்றால், அதை வைத்து இரவுப் பள்ளங்கள் எல்லாம் நிஜம் என்று சொல்லிவிட முடியாது. தூக்கத்தில் கை மடங்கும் விதம் வேறு, மெத்தையின் கடினம் வேறு. பாயில் படுப்பவருக்கும் பஞ்சு மெத்தையில் படுப்பவருக்கும் ஒரே அழுத்தம் விழுவதில்லை.

சென்சார் திரையில் எண் குறையாமல் இடைவெளி மட்டும் விழுந்தால், அது வேறு கதை. கைக்கும் செல்போனுக்கும் நடுவே உடம்பு கிடப்பதால் புளூடூத் அலை மறைக்கப்பட்டிருக்கும். போனை சென்சார் இருக்கும் பக்கத்துக்கு மாற்றி வைத்தால் போதும்.

அடுத்த சென்சார் ஒட்டும்போது வழக்கமாக எந்தப் பக்கம் படுக்கிறோமோ அதற்கு எதிர்க் கையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் புரளுகிறவர், தயாரிப்பாளர் அனுமதித்த இடத்துக்குள்ளேயே, படுக்கையில் முதலில் பதியும் மேட்டிலிருந்து விரலளவு தள்ளி ஒட்டலாம். முதல் 24 மணி நேரத்தில் சென்சார் சற்று ஏறுமாறாகக் காட்டுவது உண்டு என்பதால், முதல் இரவின் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பகலில், கை சும்மா தொங்கும்போதும், விரல் எண்ணிலிருந்து சென்சார் தொடர்ந்து நாற்பது ஐம்பது விலகி நின்றால் அழுத்தத்தின் மேல் பழி போட முடியாது. அந்த சென்சாரே சரியில்லை. விரலில் வந்த எண்ணையும் அதே நிமிடத்தில் சென்சார் காட்டிய எண்ணையும் மணியோடு குறித்துவைத்துக்கொண்டு, வாங்கிய இடத்தில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.